கையெழுத்து பொருந்தவில்லை என்று திரும்பி வந்த மனு

எங்க குழுவில ஒரு மனு திரும்பி வந்ததையும், அதுக்கு மேல்முறையீட்டுக் கடிதம் எழுதினதையும் சொல்லச் சொன்னாங்க. அதை மட்டும் சொல்றேன்.

எங்க குழுவில ஒரு அக்கா. அவங்க வீட்டுக்காரர் வங்கிக் கணக்குல வருஷத்துக்கு 436 ரூபாய் பிடிப்பாங்களே, ஜீவன் ஜோதி காப்பீடு, அதுல இருந்தார். அவர் இறந்ததும் வாரிசா நியமிச்சிருந்த அக்காவுக்கு 2 லட்சம் வரணும். மனு கொடுத்தாங்க. கொஞ்ச நாள்ல திரும்பி வந்துடுச்சு. "மனுதாரரின் கையெழுத்தும் புகைப்படமும் வங்கிப் பதிவுடன் பொருந்தவில்லை" என்று ஒரே வரி.

எப்படிப் பொருந்தும்? நூறு நாள் வேலைக்காகக் கணக்கு ஆரம்பிச்சப்போ அக்காவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. இடது கைப் பெருவிரல் ரேகைதான் வங்கியில இருக்கு. கையெழுத்து அப்புறம் குழுவுக்கு வந்து கத்துக்கிட்டது. பழைய போட்டோவுல பெரிய பொட்டு, ரெண்டு பக்கமும் மூக்குத்தி. மனுவில ஒட்டின போட்டோ அவர் போன பிறகு எடுத்தது. பொட்டும் இல்லை, மூக்குத்தியும் இல்லை, முகமும் வத்திப் போச்சு. பார்க்கிறவங்களுக்கு வேற ஆள் மாதிரிதான் தெரியும்.

முதல்ல பக்கத்து வீட்டுப் பையன் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தான். "நான் ஏழை, கைம்பெண், கருணை காட்டுங்கள்" என்று முழுப் பக்கம். அதை நான் வேண்டாம்னு சொல்லிட்டேன். அவங்க கேட்டது ஏழையா என்று இல்லை, ரெண்டு பேரும் ஒரே ஆளா என்று. அதுக்குத்தான் பதில் எழுதணும். கிளை மேலாளருக்கு இப்படி எழுதினோம்:

"ஐயா, என் கணவரின் காப்பீட்டு மனு மேற்படி காரணத்தால் திருப்பப்பட்டது. திருப்பிய கடிதத்தின் நகல் இணைத்துள்ளேன். கணக்குத் தொடங்கியபோது பெருவிரல் ரேகை வைத்தேன். பின்னர் கையெழுத்துக் கற்றுக்கொண்டேன். பதிவில் உள்ள புகைப்படம் என் கணவர் உயிருடன் இருந்தபோது எடுத்தது. என்னை நேரில் அழைத்து ஆதார் விரல் ரேகை மூலம் சரிபார்த்து, முதலில் என் கணக்கில் புதிய மாதிரிக் கையெழுத்தையும் புகைப்படத்தையும் பதிவு செய்யவும். அதன் அடிப்படையில் மனுவை மீண்டும் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பவும் வேண்டுகிறேன்."

இதுல "முதலில்" என்கிற வார்த்தை முக்கியம். வங்கியில இருக்கிற பதிவை மாத்தாம மனுவை மட்டும் திரும்பக் கொடுத்தா, அதே காரணத்துக்குத் திரும்பவும் வந்துடும்.

கீழே அக்கா ரெண்டும் வெச்சாங்க. புதுக் கையெழுத்து, பக்கத்துலயே இடது பெருவிரல் ரேகை. ரேகைக்கு ரெண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம். வங்கிக்காரங்க பழைய ரேகையையும் இதையும் பக்கத்துல வெச்சுப் பார்க்கலாம் இல்லையா. புதுப் போட்டோவை ஒரு தாள்ல ஒட்டி, அரசு மருத்துவர்கிட்ட சான்றொப்பம் வாங்கினோம். அவர் கையெழுத்து பாதி போட்டோ மேலயும் பாதி தாள் மேலயும் விழணும், அப்பதான் போட்டோவை மாத்த முடியாது. கூட ஆதார், ரேஷன் கார்டு, இறப்புச் சான்று நகல்கள். பழைய போட்டோ ஒட்டின பாஸ்புக் நகலும் வெச்சோம். அதை மறைக்க எதுவுமில்லை, வித்தியாசம் ஏன்னுதான் கடிதமே சொல்லுதே.

ரெண்டு பிரதி. ஒண்ணைக் கொடுத்துட்டு, இன்னொண்ணுல தேதியோட சீல் வாங்கினோம். சீல் போட அந்த மேசைக்காரர் ரொம்ப யோசிச்சார். நாங்களும் உட்கார்ந்தே இருந்தோம், போட்டுட்டார்.

அந்தத் தேதியிலிருந்துதான் நாள் கணக்கு. 30 நாளுக்குள்ள பதில் வரலைன்னா, வந்த பதில் சரியில்லைன்னா, ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்குப் புகார் போகலாம். அதுக்கு வங்கிக்கு முன்னாடியே எழுதின அத்தாட்சி வேணும், சீல் போட்ட பிரதிதான் அது. விவரம் கேட்க 14448-க்கு போன் பண்ணலாம். எங்களுக்கு அதுவரைக்கும் போக வேண்டி வரலை. மூணாவது வாரமே கூப்பிட்டாங்க.

அங்க போனா இன்னொரு வம்பு. மல்லாட்டை உடைச்சு உடைச்சு அக்காவுக்கு ரேகையே தேஞ்சு போயிருக்கு. ரெண்டு தடவை பெருவிரல் வெச்சும் மிஷின் ஏத்துக்கலை. "திரும்ப வாங்க"ன்னாங்க. ஆதார்ல பத்து விரலும் பதிஞ்சிருக்கு, வேற விரல் பாருங்கன்னு கேட்டோம். கையைக் கழுவித் துடைச்சு வெச்சதுல வலது மோதிர விரல் ஏத்துக்கிச்சு. அன்னைக்கே மாதிரிக் கையெழுத்து அட்டையில புதுசா போட்டாங்க. அக்கா கை நடுங்குச்சு. "அழகாப் போடப் பார்க்காதீங்க, வீட்டுல போடுற மாதிரியே போடுங்க"ன்னு சொன்னேன். இனிமே ஒவ்வொரு தடவையும் அதே மாதிரி வரணுமே.

ஒண்ணு சொல்லணும். இந்தக் கடிதம் கையெழுத்துக்கும் போட்டோவுக்கும்தான். பாலிசியில வாரிசு பேர் ஒரு மாதிரியும் ஆதார்ல வேற மாதிரியும் இருந்தா, அது வேற வழி. அதை இந்தக் கடிதத்துல கலந்தா ரெண்டுமே நிக்கும்.

பணம் அக்கா கணக்குக்கு வந்துடுச்சு. கடிதத்தோட பிரதி எங்க குழுக் கோப்புல இருக்கு. யாருக்கு வேணும்னாலும் சாப்பாட்டு இடைவேளையில வாங்க, பேரை மறைச்சு நகல் எடுத்துத் தர்றேன்.