பஸ் வரவில்லை



இங்கே இருக்கும் பலரும் 1997க்குப் பிறகு பிறந்தவர்கள். அதனால் கொஞ்சம் பழைய கதையிலிருந்து தொடங்குகிறேன். அப்போது தமிழ்நாட்டு மாவட்டங்களுக்கும் அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கும் தலைவர்களின் பெயர்கள் இருந்தன. எங்கள் ஊர் கயத்தாறு, வ.உ.சிதம்பரனார் மாவட்டம். எங்கள் ரோட்டில் ஓடியது கட்டபொம்மன் பஸ்.

அந்த ஆண்டு விருதுநகரில் ஒரு புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு வைத்தது. கட்டபொம்மனின் தளபதி அவர். ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கவர்னகிரிக்காரர், தேவேந்திரகுலத்தில் பிறந்தவர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கிளம்பினார்கள். பஸ்களை உடைத்தார்கள். தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டு உயிர்கள் போயின. கடைசியில் அரசு எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் சேர்த்தே எடுத்துவிட்டது. கட்டபொம்மனை 1799இல் தூக்கிலிட்டது எங்கள் கயத்தாறில்தான். அவர் பெயரில் பஸ் ஓடியபோது யாருக்கும் வலிக்கவில்லை. அவருடைய தளபதியின் பெயரில் ஓடினால்தான் வலித்தது.

அந்த வருஷம் எனக்கு 15 வயது. உரக்கடையில் இலவசமாகக் கொடுத்த டைரியில் தினமும் எழுதினேன். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்து, கோவில்பட்டியில் டைப்ரைட்டிங் கற்கப் போய்வந்த காலம். போன வருஷம் அந்த டைரியை முழுதாகப் படித்தேன்.

மே, ஜூன் பக்கங்களில் "பஸ் வரவில்லை" என்று 11 நாட்கள் எழுதியிருக்கிறது. ஏன் வரவில்லை என்று ஒரு வரி கிடையாது. சுந்தரலிங்கம் பெயர் இல்லை. சாதி என்ற சொல்லே வருஷம் முழுக்க இல்லை. கூடப் படித்த ஒரு தோழரிடம் காட்டினேன். "அப்போ உனக்கு அரசியலே தெரியாதுபோல" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

டைரி என்றால் பூட்டிய அறையில் எழுதும் அந்தரங்கம் என்று நினைக்கிறோம். அறை இருக்கிறவர்களுக்கு அது சரி. எங்கள் வீடு ஒற்றை அறை. டைரி இருந்தது டிரங்குப் பெட்டி மேல். அப்பா படிப்பார், அண்ணன் படிப்பான். அதைவிட முக்கியம், 1995 ஆகஸ்டில் கொடியங்குளத்தில் போலீஸ் வீடு வீடாகப் புகுந்து சூறையாடியிருந்தது. அதற்குப் பிறகு எங்கள் தெருவில் அம்மாக்கள் பிள்ளைகளிடம் சொன்னது ஒன்றுதான்: "எதையும் எழுதி வைக்காதே." இந்தப் பெண் எழுதினாள். யார் கையில் கிடைத்தாலும் பிரச்சினை வராதபடி எழுதினாள்.

அப்படியானால் அவள் சொல்ல நினைத்தது எங்கே போனது? இரண்டாம் முறை ஒரு நோட்டும் பென்சிலும் வைத்துக்கொண்டு படித்தேன். டைப்ரைட்டிங் வகுப்புத் தோழி ஒருத்தி ஏப்ரலில் பெயரோடு வருகிறாள், தினமும். மே நடுவில் "அந்தப் பிள்ளை" ஆகிறாள். ஜூனில் ஆளே இல்லை. அவள் மறையும் அதே வாரத்தில் பக்கத்தின் ஓரத்தில் எண்கள் தொடங்குகின்றன. 31. 27. 34. ஒரு நாள் 9. முதலில் ஏதோ கடன் கணக்கு என்று நினைத்தேன். ஒரு பக்கத்தில் மட்டும் எண்ணுக்குப் பக்கத்தில் "காற்றாடி" என்று இருந்தது. கயத்தாறு வழியாகப் போனவர்களுக்குத் தெரியும், எங்கள் காடுகளில் காற்றாலைகள் நிற்கும். பஸ் ஓடிய நாட்களில் ஜன்னல் வழியாக அவற்றை எண்ணியிருக்கிறாள். பக்கத்தில் பேச ஆள் இருந்தவரை எண்ணவில்லை.

இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது. இன்றைய என் அரசியலை அவள் வாயில் திணித்துவிட முடியும். அதனால் ஜனவரியிலிருந்து ஒவ்வொரு பக்கமாகச் சரிபார்த்தேன். அதற்கு முன் ஒரு எண்கூட இல்லை. அந்த 9க்கு என்ன காரணம் என்று டைரி சொல்லவில்லை. இடம் கிடைக்காமல் நின்றுகொண்டு போனாளோ, தூங்கிவிட்டாளோ. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

திருத்தி எழுதும் ஆசையும் வரும். ஆன் ஃபிராங்க் 1944 தொடக்கத்தில், 14 வயதில், தன் பழைய பக்கங்களைத் திரும்பப் படித்தாள். அம்மாவைப் பற்றித் தான் கோபமாக எழுதியிருந்ததைக் கண்டு அவளுக்கே அதிர்ச்சி. அந்த வசந்தத்தில், போர்க்கால டைரிகளைப் பாதுகாக்கச் சொன்ன வானொலி உரையைக் கேட்டபின், புத்தகமாக்கும் எண்ணத்தோடு தனித் தாள்களில் திருத்தி எழுதத் தொடங்கினாள். பழைய டைரியில் ஒரு பகுதியாவது தங்கியதால்தான் இன்று அந்தப் பக்கங்களை இரண்டு வடிவத்திலும் பக்கத்தில் வைத்துப் படிக்க முடிகிறது. நானும் டைரியில் கைவைக்கவில்லை. சுந்தரலிங்கம் பெயரை என் நோட்டில்தான் எழுதினேன், அந்த 11 தேதிகளுக்கு எதிரே, எழுதிய நாளையும் குறித்து.

அந்தத் தோழியின் பெயரை இங்கே சொல்லவில்லை. அவளுக்கும் அப்போது 15 வயதுதான். அந்த மே மாதம் அவள் வீட்டில் அவளிடம் என்ன சொன்னார்கள் என்பது என் டைரியில் கிடையாது. அவளும் டைரி எழுதியிருந்தால் அந்த வாரத்துப் பக்கத்தைப் படிக்க எனக்கு ஆசை.