பைராட்ஸ் பூச்சியம் என்றால் என்ன?

அண்மையில் நம் பழைய மாணவி ஒருவர் பதறிப்போய் அழைத்தார். அவருடைய மமோகிராம் அறிக்கையில் "பைராட்ஸ் 0, மேலதிக படங்கள் தேவை" என்றிருந்தது. பூச்சியம் என்பது புற்றுநோய் என்ற முடிவல்ல. எடுத்த படங்களை வைத்து இன்னும் முடிவு சொல்ல முடியவில்லை என்பதே அதன் பொருள்.

வழக்கமாக ஒவ்வொரு மார்பகத்தையும் மேலிருந்து ஒன்றும் சரிவாக ஒன்றும் படம் எடுப்பார்கள். அவருக்குச் சரிவுப் படத்தில் மட்டும் ஒரு வெள்ளை நிழல் தெரிந்தது. அந்த இடத்தைச் சிறிய தட்டால் அழுத்தி மீண்டும் எடுத்தபோது, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்த சாதாரண இழையம் விலகி நிழல் மறைந்தது. அறிக்கை 1 ஆனது, அதாவது, குறையொன்றுமில்லை.

நிழல் மறையாவிட்டால் ஸ்கான் செய்வார்கள். அதன்பின் 3 என்று வந்தால் புற்றுநோய்க்கான வாய்ப்பு 100க்கு 2க்கு மேற்படாது. 6 மாதத்தில் மீண்டும் பார்ப்பார்கள். 4, 5 என்றால் ஊசியால் இழையம் எடுத்துச் சோதிக்க வேண்டும்.

ஆகவே பூச்சியத்தோடு நின்றுவிடாதீர்கள். போகும்போது பழைய படங்களையும் கொண்டு போங்கள். ஒப்பிட்டாலே சில சந்தேகங்கள் தீரும். கையில் கட்டி தட்டுப்பட்டால், அறிக்கை 1 என்றாலும் வைத்தியரிடம் காட்டுங்கள்.