௸ உள்ளபடியே இருக்கட்டும்



கிராமக் கணக்குகளைப் படியெடுப்பது பற்றிப் பேசக் கோவில்பதாகையில் கூடியிருக்கிறோம். ஆவடி 2019இல் மாநகராட்சி ஆகிவிட்டது. ஏரிப்பாசன நஞ்சைகளில் மனைகள் வந்துவிட்டன. ஆனாலும் ஒரு மனையின் மூலத்தைத் தேடிப் பின்னோக்கிப் போகிறவர், கர்ணம் கைப்பட எழுதிய ஏதோ ஒரு பதிவேட்டில்தான் போய் நிற்கிறார். அதில் பட்டாதாரர் கலத்தைப் பார்த்தால் பெயர்கள் சில, ௸ பல. 'ஷை', 'மேற்படி', 'டிட்டோ', இரட்டைக் கீற்று, வெறும் செங்குத்துக் கோடு என்றும் வரும். அவற்றைப் படியெடுப்பவர்கள் அந்த இடங்களில் மேலே உள்ள பெயரை நிரப்பிவிடுகிறார்கள். நிரப்பக் கூடாது, உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும் என்பதே என் கட்சி.

ஒரு மாதிரிப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். பெயர்களும் எண்களும் நான் இட்டுக்கட்டியவை. 112/1க்கு நேரே கோவிந்தசாமி. 112/2க்கு ௸. 112/3க்கு '௸ மகன் ஏழுமலை'. 112/4க்கு மறுபடியும் வெறும் ௸. இந்த நான்காவது நிலம் யாருடையது? நேர் மேலே இருப்பவர் ஏழுமலை. ஆனால் மூன்றாம் வரியிலேயே ௸ என்றால் கோவிந்தசாமி என்று ஆகிவிட்டதே. எழுதிய கர்ணத்தின் மனதில் நான்காம் வரியிலும் அப்பனே இருந்திருக்கலாம். இதைத் தீர்க்கப் பக்கத்துக் கலத்தில் பட்டா எண்ணைப் பார்க்க வேண்டும். அது இல்லையென்றால், பட்டாதாரர் வாரியாக நிலங்களைத் தொகுக்கும் சிட்டாவோடு ஒப்பிட வேண்டும். படியெடுப்பவர் 'ஏழுமலை' என்று எழுதி முடித்துவிட்டால், இப்படி ஒரு கேள்வி இருந்ததே அடுத்தவருக்குத் தெரியாது.

இதைவிடப் பெரிய ஆபத்து திருத்தத்தில் இருக்கிறது. பதிவேடு ஒரே நாளில் எழுதி மூடிவைத்த புத்தகம் அல்ல. சில வருடம் கழித்து 112/1 மட்டும் கைமாறுகிறது. கர்ணம் கோவிந்தசாமியைச் சிவப்பு மையால் அடித்து, மேலே வேதாசலம் என்று எழுதுகிறார். கீழே உள்ள ௸யை அவர் தொடவில்லை. தொட வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை, அது யாரென்று அவருக்குத் தெரியும். இன்று விரித்தெழுதுபவர் மேலே பார்க்கிறார், வேதாசலம் என்று இருக்கிறது, 112/2க்கும் அதையே எழுதுகிறார். ஒரு நிலம் வாங்கியவருக்கு இரண்டு நிலம்! அந்த ௸ எழுதப்பட்ட நாளில் மேல்வரியில் இருந்தது அடிக்கப்பட்ட பெயர். எனவே அடித்ததையும் படியில் காட்ட வேண்டும், ௸யையும் விட்டுவைக்க வேண்டும். 1979 முதல் 1987 வரை நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுக்குப் பின், 'யு.டி.ஆர். தவறு' என்பது வக்கீல்கள் வாயில் அன்றாடச் சொல்லாகிவிட்டது. அத்தவறுகளுக்குக் காரணங்கள் பல. இப்படி விரிந்த ௸யும் ஒன்றாக இருக்க இடமுண்டு.

சரிக்குறி போன்ற கீற்று வேறு வகைச் சிக்கல். 'மேலே உள்ளதே' என்பதற்கும் அதைப் போடுவார்கள். ஜமாபந்தியில் கணக்கைச் சரிபார்ப்பவரும் அதையே போடுவார். திரும்பச் சொல்லும் கீற்று, சொல் தொடங்க வேண்டிய இடத்தில், எழுதியவரின் அதே மையில் பெரும்பாலும் இருக்கும். மதிப்பு மாறியதும் அது நின்றுவிடும். தணிக்கைக் கீற்று எண்ணின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, நஞ்சை முடிந்து புஞ்சை வந்தாலும் நிற்காமல் இறங்கிக்கொண்டே போகும். தீர்வைக் கலத்தில் வெற்றிடத்தருகே நிற்கும் தணிக்கைக் கீற்றை 'மேற்படி' என்று படித்தால், இல்லாத தீர்வை முளைக்கும்.

கணினியில் ஏற்றுகிற இளையவர்கள் ஒரு மறுப்புச் சொல்கிறார்கள், நியாயமான மறுப்பு. அட்டவணையை அகரவரிசைப்படுத்தினால் ௸ தன் மேல்வரியை விட்டுப் பிரிந்து அநாதையாகிவிடும். பெயரைத் தேடினாலும் கிடைக்காது. அதற்காக இரண்டு கலம் வைப்போம். முதல் கலத்தில் ஏட்டில் உள்ளது மட்டும். இரண்டாவதில் நாம் கொண்ட பொருள், எந்த வரியிலிருந்து கொண்டோம் என்ற எண்ணோடு. பக்க எண்ணும் வரி எண்ணும் தனியே இருக்கட்டும். எப்படிக் கலைத்தாலும் பழைய வரிசைக்குத் திரும்பலாம். ஐயமானால் இரண்டாம் கலம் வெறுமையாகவே கிடக்கட்டும். தேடுவது இரண்டாவதில், சாட்சி முதலாவதில்.

எழுத்துரு இல்லை என்ற சாக்கும் இப்போது செல்லாது. ௸க்கு 2003இலேயே யூனிகோடில் U+0BF8 என்று இடம் கிடைத்துவிட்டது. ஏட்டில் ௸ இருந்தால் ௸, 'ஷை' இருந்தால் 'ஷை'. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால், ஒரே பதிவேட்டில் கை மாறிய இடம் எது என்று காட்டும் தடயம் ஒன்று போய்விடும்.

பக்கத் தலைப்பில் நிற்கும் ௸ பற்றி இந்தக் கருத்தரங்கு ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். கவனமான கர்ணம் புதுப் பக்கத்தில் பெயரை மறுபடி முழுதாக எழுதுவார், எல்லாரும் எழுதவில்லை. பைண்டு பிரிந்து மறுபடி தைத்த பதிவேட்டில் முந்தைய பக்கம் உண்மையில் முந்தையதுதானா என்பதைப் புல எண் தொடர்ச்சியை வைத்து முதலில் உறுதிசெய்ய வேண்டும். உறுதியாகாத வரை அந்தப் பக்கத்தில் முதல் பெயர் வரும் வரையுள்ள வரிகளுக்கு இரண்டாம் கலத்தை நிரப்ப வேண்டாம் என்பது என் முன்மொழிவு. முதல் அமர்வு அதிலிருந்தே தொடங்கலாம்.