தினமும் வேகமாக நடந்தால் மலச்சிக்கல் குறையுமா?

(மாசாய் வட்டார மூத்த குடிமக்களுக்கான சுகாதார உரை)



“மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லை. நடந்தால் சரியாகுமா?” என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். பலருக்கு உதவும். ஆனால் நடக்கும் அளவும் நாள்களும் போதுமானதாக இருக்க வேண்டும்.

முதலில் காரணத்தைப் பார்ப்போம். நாம் உண்ட உணவின் கழிவு பெருங்குடலில் நகரும்போது, குடல் அதிலுள்ள நீரை உறிஞ்சிக்கொள்கிறது. கழிவு அங்கே எவ்வளவு நேரம் தங்குகிறதோ, அவ்வளவுக்கு அது காய்ந்து இறுகும். நாள் முழுவதும் நாற்காலியிலேயே இருப்பவருக்குக் குடலின் அசைவும் மந்தமாகலாம்.

நெதர்லாந்து நாட்டில் 45 வயதைக் கடந்த, உடல் உழைப்பு இல்லாத, நீண்டகால மலச்சிக்கல் உள்ள 43 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவுகள் 2005இல் வெளிவந்தன. உணவு ஆலோசனை எல்லாருக்கும் கிடைத்தது. உடற்பயிற்சி செய்தவர்கள் தினமும் 30 நிமிடம் வேகமாக நடந்து, வீட்டிலும் சுமார் 11 நிமிடம் எளிய பயிற்சி செய்தார்கள். இப்படி 12 வாரம் தொடர்ந்தார்கள். முடிவில், கழிவு குடலைக் கடக்கும் நேரம் சராசரியாக 79 மணியிலிருந்து 58 மணியாகக் குறைந்தது. முக்கிப் போவதும், மலம் இறுகுவதும் குறைந்தன.

இன்னோர் ஆய்வில் எட்டுப் பேர் நான்கு வாரம், வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்தும் மலச்சிக்கல் குறையவில்லை. இரண்டுமே சிறிய ஆய்வுகள்தான். எனவே நான்கு நாள் நடந்துவிட்டு, பலன் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். நடை எல்லாருக்கும் மருந்தாகும் என்றும் எண்ணாதீர்கள்.

“வேகமாக” என்றால் எவ்வளவு? நடக்கும்போது பக்கத்தில் வருபவரிடம் பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம்.

ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். 68 வயது அம்மா ஒருவர் வாரத்தில் இரண்டு முறைதான் மலம் கழிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் காலை வெயில் ஏறுமுன் தம் தாமானுக்குள்ளேயே 10 நிமிடம் நடக்கலாம். வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டினால், ஐந்தாம் வாரம் 30 நிமிடத்தை எட்டுவார். மழை நாளில் வீட்டு ஐந்தடியிலோ கடைத்தொகுதிக்குள்ளோ நடக்கலாம். பசியாறியதும் பெருங்குடல் இயல்பாகவே சுருங்கி அசையும். அந்த நேரத்தைத் தவறவிடாமல், கால்களை ஒரு சிறு முக்காலியில் உயர்த்தி வைத்து, முக்காமல் பத்து நிமிடம் கழிப்பறையில் அமரலாம். வெளிக்குப் போன நாளையும், மலம் இறுகியிருந்ததா இளகியிருந்ததா என்பதையும் நாள்காட்டியில் குறித்து வந்தால், 12 வாரம் கழித்துப் பலன் தெளிவாகத் தெரியும்.

நீரிழிவுக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நடக்குமுன் மருத்துவரைக் கேளுங்கள், சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும். நடக்கும்போது நெஞ்சுவலியோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே நின்றுவிடுங்கள். வலி தணியாவிட்டால் 999 எண்ணை அழையுங்கள். இதயம் அல்லது சிறுநீரக நோய்க்காகத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால், மலச்சிக்கலுக்காக அதைத் தாமாகக் கூட்ட வேண்டாம்.

12 வாரம் ஒழுங்காக நடந்தும் மாற்றமில்லையா? காரணம் வேறாக இருக்கலாம். இரும்புச்சத்து மாத்திரை, சில வலி மாத்திரைகள், சில இரத்த அழுத்த மாத்திரைகள் மலத்தை இறுக்கும். அவற்றை நீங்களாக நிறுத்தாமல், எல்லா மாத்திரைகளையும் கிளினிக்கிற்குக் கொண்டு வந்து காட்டுங்கள். சிலருக்கு மலம் கழிக்கும்போது தளர வேண்டிய ஆசனவாய்த் தசைகள் தளர்வதில்லை. அதற்கு வேறு பயிற்சி தேவை.

மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடை குறைவு, இரத்தசோகை, அண்மையில் திடீரென மாறிய மலப்பழக்கம் ஆகியவை இருந்தால் 12 வாரம் காத்திருக்க வேண்டாம். விரைவில் மருத்துவரைப் பாருங்கள். வயிறு உப்பி, வாந்தி எடுத்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். எந்தத் தொல்லையும் இல்லாவிட்டாலும், 50 முதல் 75 வயது வரை உள்ளவர்கள் மலத்தில் மறைந்துள்ள இரத்தத்தைக் கண்டறியும் சோதனையை அரசாங்கக் கிளினிக்கில் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

நாளைக் காலை 10 நிமிடத்தில் தொடங்குங்கள். இன்றைய தேதியையும் நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.