அம்மாவின் முகமும் பெனர் துணியும்

(தெமட்டகொடையில், தோட்டங்களிலிருந்து கொழும்புக்கு வந்து அச்சு வேலை பழகும் தம்பி தங்கைகளிடம் நாங்கள் பேசியதன் எழுத்து வடிவம்)



படத்தைப் பெரிதாக்குவது எப்படி என்று பேசச் சொல்லி எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எந்தப் படத்தைப் பெரிதாக்கக் கூடாது என்பதிலிருந்து தொடங்குகிறோம். அதை நாங்கள் ஒரு தவறு செய்துதான் படித்தோம்.

பதுளைப் பாதையில் உள்ள ஒரு தோட்டத்திலிருந்து ஓர் அண்ணன் எங்களிடம் வந்தார். அவருடைய அம்மா தவறிவிட்டார். நாற்பது வருசத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். கருமாதிக்கு லயத்து முன்னால் கட்ட ஆறடிக்கு நாலடியில் ஒரு பெனர் வேண்டும் என்றார். அம்மாவைத் தனியாக எடுத்த போட்டோ ஒன்றுமில்லை. ஒரு கலியாண வீட்டுக் கூட்டப் படத்தில் பின்வரிசையில் நிற்கிறார். அந்தப் படத்தை யாரோ போனில் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். நாங்கள் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, இரண்டடி அகலத்துக்கு இழுத்து, ஃப்ளெக்ஸில் அடித்துக் கொடுத்தோம். மேசையில் விரித்ததும் அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இது எங்கம்மா இல்லீங்க."

அவர் சொன்னது சரிதான். அதில் அம்மா இல்லை. ஏன் இல்லை என்று சொல்கிறோம், கேளுங்க.

போட்டோ என்பது கணினிக்குள்ளே சதுரச் சதுரமான புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிறம், அவ்வளவுதான். எத்தனை புள்ளி என்பது படம் எடுக்கிற நேரத்திலேயே முடிவாகிவிடும். ஒரு கூடைக் கொழுந்தை வாட்டப் பரப்புகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னத் தட்டில் பரப்பினால் அடர்த்தியாக இருக்கும். பத்து மடங்கு பெரிய தட்டில் பரப்பினால் இடைவெளிதான் தெரியும், கொழுந்து கூடாது. படத்தை இழுக்கும்போதும் நடப்பது இதுவே. ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி விழுகிறது என்பதைத்தான் ரெசலூஷன் என்கிறார்கள்.

இந்தச் சதுரப் புள்ளி இன்று நேற்று வந்ததல்ல. 1957இல் அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும்தான் முதன்முதலில் ஒரு போட்டோவைக் கணினிக்குள் ஏற்றினார்கள். அது அவருடைய மூன்று மாதக் குழந்தையின் படம். அகலத்தில் 176 புள்ளி, உயரத்தில் 176 புள்ளி. பிள்ளையின் முகம் அதில் தெரிகிறது, ஆனால் சின்னதாக வைத்துப் பார்க்கிற மட்டும்தான்.

இப்போது எங்கள் பெனருக்கு வருவோம். வட்ஸ்அப்பில் வந்த அந்தக் கூட்டப் படம் அகலத்தில் 1600 புள்ளி. இருபது பேர் இரண்டு வரிசையாக நிற்கிறார்கள். அம்மாவின் முகம் எத்தனை புள்ளி என்று பிறகுதான் எண்ணினோம்: எழுபது. அந்த எழுபதை இரண்டடிக்கு, அதாவது 24 அங்குலத்துக்கு இழுத்திருக்கிறோம். ஓர் அங்குலத்துக்கு மூன்று புள்ளி கூட இல்லை. ஒவ்வொரு புள்ளியும் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. அம்மாவின் ஒரு கண் முழுவதும் பத்துப் பதினைந்து புள்ளிகளுக்குள் அடங்கியிருந்தது. அதை வைத்து யாருடைய கண் என்று எப்படிச் சொல்ல முடியும்?

"கணினியில 150 என்று காட்டியதே?" என்று எங்கள் பையன் கேட்டான். காட்டியது உண்மை. ஃபோட்டோஷொப்பில் Image Size பெட்டியைத் திறந்து, ரெசலூஷனில் 150 என்று நாங்களே அடித்திருந்தோம். அங்கே Resample என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அதில் சரி போட்டிருந்தால், இருக்கிற இரண்டு புள்ளிக்கு நடுவில் இடைப்பட்ட நிறத்தைக் கணினியே பூசி நிரப்பிவிடும். கட்டம் கட்டமாகத் தெரியாது, ஆனால் பனி மூடினமாதிரி மங்கிவிடும். கணினிக்கு அந்த அம்மாவைத் தெரியாதே, அது வேறென்ன செய்யும்? அந்தச் சரியை எடுத்துவிட்டு அகலத்தை அடித்துப் பாருங்கள். உண்மையான எண் அப்போதுதான் வெளியே வரும். நாங்கள் அதைச் செய்திருந்தால் அண்ணனிடம் முதலிலேயே சொல்லியிருப்போம்.

அப்படியானால் எத்தனை புள்ளி போதும்? இதற்கு அச்சகத்தில் எல்லோரும் 300 என்பார்கள். கையில் பிடித்து வாசிக்கிற பத்திரிகைக்கு அது சரி. ஆனால் அந்த 300 எங்கிருந்து வந்தது தெரியுமா? நல்ல கண் ஓரடி தூரத்திலிருந்து பார்த்தால், அங்குலத்துக்கு ஏறக்குறைய 300 புள்ளிக்கு மேல் பிரித்துப் பார்க்க முடியாது. தூரம் கூடக் கூட இந்தத் தேவை குறையும். ஆகவே 300ஐ எத்தனை அடி தூரத்திலிருந்து பார்ப்பார்களோ அதால் வகுத்துவிடுங்கள். ஆறடிக்கு 50. பத்தடிக்கு 30. கோயில் திருவிழா பெனர் கொஞ்சம் கரகரப்பான படத்தோடும் நன்றாக இருப்பது இதனால்தான். ஆனால் மூன்று புள்ளி என்றால் நூறடி தள்ளி நிற்க வேண்டும். லயத்து வாசலில் நூறடிக்கு எங்கே போவது?

போனிலேயே நல்ல படம் இருந்தும் கெடுப்பது இன்னொரு கதை. இப்போதைய போன் சாதாரணமாக 4000 புள்ளி அகலத்துக்கு எடுக்கிறது. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அதைச் சுருக்கி அழுத்தித்தான் அனுப்பும். அதே படத்தை Document என்பதை அழுத்தி அனுப்பினால் எடுத்தபடியே வந்து சேரும். ஊரிலிருந்து படம் அனுப்புகிறவர்களுக்கு இந்த ஒன்றை மட்டுமாவது சொல்லி வையுங்கள்.

அண்ணனிடம் வருவோம். "அந்தக் கலியாண போட்டோ கடுதாசியில இருக்குதாங்க?" என்று கேட்டோம். அக்கா வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது என்றார். கொண்டுவரச் சொன்னோம். கண்ணாடியோடு போனில் எடுத்தால் வெளிச்சம் அடிக்கும், ஆகவே சட்டத்திலிருந்து பக்குவமாக எடுத்து ஸ்கேனரில் வைத்தோம். அந்தப் படத்தில் அம்மாவின் முகம் அரை அங்குலம். அங்குலத்துக்கு 600 என்று ஸ்கேன் செய்தபோது முகத்துக்கு 300 புள்ளி கிடைத்தது. 1200 வைத்தும் பார்த்தோம். புள்ளி கூடியது, ஆனால் கடுதாசியின் சொரசொரப்புதான் பெரிதாகத் தெரிந்தது, முகத்தில் புதிதாக ஒன்றும் வரவில்லை. (ஸ்டூடியோவில் நெகட்டிவ் இருந்தால் இன்னும் நல்லது. கேட்டுப் பாருங்கள், சில பழைய ஸ்டூடியோக்காரர்கள் வைத்திருப்பார்கள்.)

300 புள்ளியை இரண்டடிக்கு இழுத்தாலும் அங்குலத்துக்குப் பன்னிரண்டரைதான். அதுவும் போதாது. அதனால் முகத்தின் அளவைக் குறைத்தோம். முகம் ஆறு அங்குலம் என்றால் அங்குலத்துக்கு 50 புள்ளி. ஆறடி தள்ளி நிற்கிறவருக்கு அது அம்மாதான்.

"இவ்வளவு பெரிய துணியில ஆறங்குல முகமாங்க?" என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. மீதி இடத்தை நிரப்புவதற்குத்தான் வெக்டர் இருக்கிறது.

வெக்டர் படத்தில் புள்ளி கிடையாது. இங்கே தொடங்கு, இப்படி வளை, அங்கே முடி, உள்ளே பச்சை பூசு என்று கட்டளையாகத்தான் கணினி அதை வைத்திருக்கும். கோலம் மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். கோலம் தெரிந்தவருக்குச் சின்ன வாசலும் ஒன்றுதான், கோயில் முன்றலும் ஒன்றுதான். ஒவ்வொரு தடவையும் புதிதாகப் போடுவதால் எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் கூராகவே இருக்கும். இந்த வளைவுக்கு பெசியே வளைவு என்று பெயர். பிரான்சில் ரெனோ கார் கம்பனியில் காரின் உடம்பை வரைவதற்கு இதைப் பயன்படுத்திய பியேர் பெசியே என்பவரின் பெயர் அது.

குத்துவிளக்கு, பூமாலை ஓரம், ஓர் இரண்டு இலை ஒரு மொட்டுக் கொழுந்து, இவற்றை இங்க்ஸ்கேப்பில் வரைந்தோம். அது காசில்லாமல் கிடைக்கிற மென்பொருள். ஓர் இலைக்கு நுனியில் ஒரு முனை, காம்பில் ஒரு முனை, இரண்டு பக்கத்துக்கும் இரண்டு வளைவு, நடு நரம்புக்கு ஒரு கோடு, அவ்வளவு போதும். Trace Bitmap என்று ஓர் ஏற்பாடு அதில் உண்டு, போட்டோவைக் கொடுத்தால் தானே வரைந்து தரும். கறுப்பு வெள்ளைச் சின்னத்துக்கு அது உதவும். இலைக்குக் கொடுத்துப் பார்த்தோம், நூற்றுக்கணக்கான முனைகளோடு எலி கடித்த ஓரம் மாதிரி வந்தது. கையால் வரைவதே சுகம். அம்மாவின் முகத்தையும் அப்படி வெக்டராக்கலாமே என்று கேட்காதீர்கள். நிறம் படிப்படியாக மாறுகிற முகம் திட்டுத் திட்டாகப் போய்விடும். முகம் புள்ளியாகவே இருக்கட்டும்.

எழுத்தும் வெக்டர்தான். நீங்கள் அடிக்கிற பாமினி எழுத்துரு வளைவுகளாலானது. அதனால் அம்மாவின் பெயரை ஓரடி உயரத்தில் போட்டோம், கத்தியால் வெட்டினமாதிரி நின்றது. அதே பெயரைப் போன் திரையில் பிடித்த படமாகக் கொண்டுவந்தால் மறுபடி புள்ளிதான், மறுபடி மங்கல்தான்.

ஆனால் பாமினியில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. பெனர் அடிக்கிற இடத்துக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால், "தமிழ்" என்று நீங்கள் அடித்தது jkpo; என்று வந்து நிற்கும். கருமாதிப் பெனரில் அப்படி வந்தால் என்ன ஆகும்! ஆகவே அனுப்புவதற்கு முன் எழுத்தை வளைவாக மாற்றிவிட வேண்டும். கோரல்ட்ரோவில் Ctrl+Q, இங்க்ஸ்கேப்பில் Shift+Ctrl+C. மாற்றிய பிறகு எழுத்துப் பிழை திருத்த முடியாது. மாற்றாத பிரதி ஒன்றை வேறு பெயரில் வைத்துக்கொண்டு பிறகு மாற்றுங்கள்.

இன்னொரு ஏமாற்று வேலையும் நடக்கும். சின்னம் வெக்டராக வேண்டும் என்று கேட்டால், சிலபேர் JPG படத்தையே PDFக்குள் போட்டு அனுப்பி, "இந்தாங்க வெக்டர்" என்பார்கள். பெட்டி மாறினால் உள்ளே இருக்கிற சாமான் மாறாது. திறந்து 6400 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். ஓரம் கூராக இருந்தால் வெக்டர். படிக்கட்டு மாதிரித் தெரிந்தால் போட்டோ.

இரண்டாவது பெனரை அண்ணனிடம் விரித்துக் காட்டினோம். இடது பக்கம் மாலைக்குள்ளே ஆறங்குல முகம், வலது பக்கம் பெரிய எழுத்தில் பெயர், கீழே கொழுந்து. முதலில் கிட்டப் போனார், பிறகு இரண்டு எட்டுப் பின்னால் வந்து நின்றார். "மூக்குத்தி கூடத் தெரியுதுங்க" என்றார். முதல் பெனருக்கு நாங்கள் காசு வாங்கவில்லை. ஸ்கேன் செய்த படத்தை அழுத்தாமல் TIFF கோப்பாகப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தோம். அன்று பின்னேர ரயிலில் கலியாண போட்டோவை மறுபடி சட்டத்துக்குள் வைத்து, துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு போனார்.