திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு இன்டர்வியூ

(கோவில்பட்டியில் வேலை தேடும் இளைஞர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த நம்ம ஊர்த் தம்பி ஒருவருக்கு, தூத்துக்குடி சிலாநத்தம் சிப்காட்டில் இருக்கும் வின்ஃபாஸ்ட் கார் ஆலையில் அடுத்த திங்கள் காலை 9 மணிக்கு நேர்காணல் என்று வைத்துக்கொள்வோம். கையில் ஒரு வாரம் இருக்கு. என்ன செய்யலாம்?

முதல் நாளே சான்றிதழ்களை எடுத்துப் பாருங்க. படிப்பதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். சான்றிதழில் சிக்கல் இருந்தால் சரிசெய்ய நாள் வேணும். நான் அதிகம் பார்த்த சிக்கல் இனிஷியல்தான். மார்க் ஷீட்டில் வெறும் 'எம்' இருக்கும், ஆதாரில் அப்பா பெயரே முழுசா இருக்கும். ஒரே வாரத்தில் ஆதாரைத் திருத்தி வாங்கிடலாம்னு நம்பி இருக்காதீங்க. சாதிச் சான்றிதழில் அப்பா பெயர் இருக்கும், அதையும் சேர்த்து எடுத்துட்டுப் போங்க. அந்த 'எம்' யார் என்பது அதில் தெரிந்துவிடும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் டிஜிலாக்கரில் கிடைக்கும். ஆனாலும் பிரிண்ட் எடுத்து வையுங்க. சில ஆலைகளில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஒரிஜினலைக் காட்டுங்க, கையெழுத்திட்ட ஜெராக்ஸை மட்டும் கொடுங்க.

அடுத்த ரெண்டு நாள் நிறுவனத்தைப் பற்றித் தெரிஞ்சுக்கோங்க. இது வியட்நாம் நிறுவனம். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டி, 2025 ஆகஸ்ட் 4-ல் ஆலையைத் திறந்தார்கள். விஎஃப் 6, விஎஃப் 7 என்ற மின்சாரக் கார்களை இங்கே பூட்டுகிறார்கள். இதை ஒப்பிக்கச் சொல்லவில்லை. பாடி, பெயிண்ட், அசெம்ப்ளி என்று தனித்தனிப் பிரிவுகள் அங்கே இருக்கு. உங்களை அழைத்தது எதற்கு என்று கடிதத்தில் பாருங்க, அதற்குத் தயாராகுங்க. ஒரு விஷயம்: எந்த நிறுவனத்தின் பெயரில் அழைப்பு வந்தாலும், முன்பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திடுங்க.

'உங்களைப் பற்றிச் சொல்லுங்க' என்பதற்கு நம்ம ஆட்கள் பெயர், ஊர், அப்பா தொழில் என்று முடித்துவிடுவார்கள். கரிசல் காட்டில் மக்காச்சோளம் அடிக்கிற மெஷின் நின்றபோது பெல்ட்டை மாற்றி ஓட வைத்தீர்களா? அதைச் சொல்லுங்க. என்ன சத்தம் வந்தது, எதை முதலில் சோதித்தீங்க, எவ்வளவு நேரம் ஆச்சு, இவ்வளவு போதும். போனில் ரெக்கார்டு செய்து கேளுங்க. ஒரு நிமிஷத்தைத் தாண்டினால் குறையுங்க. தெரியாத கேள்விக்கு 'தெரியாது சார்' என்று சொல்லலாம். அடித்துவிட்டால் அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்குவீங்க.

கடைசியா பயணம். எட்டயபுரம் வழியா தூத்துக்குடிக்கு பஸ் இருக்கு. ஆனா ஆலை ஊருக்கு வெளியே. கேட் எங்கே இருக்கு, எந்த ஸ்டாப்பில் இறங்கினால் பக்கம் என்று மேப்பில் பார்த்து, கண்டக்டரிடமும் கேட்டு வையுங்க. முடிந்தால் வெள்ளிக்கிழமை அதே நேரத்து பஸ்ஸில் ஒரு தடவை போய் வாங்க. ஞாயிற்றுக்கிழமை போனால் கூட்டமும் நேரமும் வேற மாதிரி இருக்கும். எட்டரைக்கு கேட்டில் நிற்கிற மாதிரி பஸ்ஸைப் பிடிங்க. அது போய்விட்டால் அடுத்தது எப்போ என்பதையும் குறித்து வையுங்க.