கிராண்டில் இருப்பது மனையா, பங்கா?

டெங்கில் பக்கம் நிலம் தேடிப் போகிறவருக்கு முதலில் காட்டப்படுவது ஒரு வரைபடம். அதில் சாலை, கால்வாய், வரிசை எண் போட்ட மனைகள் எல்லாம் அழகாக இருக்கும். அதை வரைந்தவர் விற்பனையாளரா, அங்கீகரித்தது நகராண்மைக் கழகமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு ஏக்கர் விவசாய நிலம், அதாவது 87,120 சதுர அடி, 20 துண்டுகளாக விற்கப்படுகிறது. சாலைக்கு விட்டது போக ஒருவருக்கு ஏறக்குறைய 3,500 சதுர அடி. ஒவ்வொருவரும் தம் துண்டுக்கு வேலி போட்டுக்கொள்கிறார். ஆனால் கிராண்ட் ஒன்றுதான். அதில் அவர் பெயருக்கு எதிரே இருப்பது இருபதில் ஒரு பங்கு. எந்த மூலை அவருடையது என்று அதில் இருக்காது. மலாய்க்காரர்கள் இதை 'லோட் லிடி' என்கிறார்கள். லிடி என்றால் ஈர்க்குச்சி, பொருத்தமான பெயர்தான்.

"பிறகு தனி கிராண்ட் எடுத்துத் தருகிறோம்" என்பார்கள். தேசிய நிலச் சட்டப்படி விவசாய நிலத்தை ஒரு பகுதிக்கு 0.4 ஹெக்டருக்குக் குறையாமல்தான் பிரிக்கலாம். அது ஏறக்குறைய ஒரு ஏக்கர். ஆக, அந்த இரண்டு ஏக்கரில் இரண்டு கிராண்ட் வந்தாலே பெரிது. அதற்கும் சிறிதாக்க நிலத்தின் வகையைக் கட்டட நிலமாக மாற்ற வேண்டும், பிரீமியம் கட்ட வேண்டும். இருபது பேரும் சேர்ந்து நடக்க வேண்டிய வேலை இது. ஒருவர் இறந்து வாரிசு வழக்கு நடந்தாலும் எல்லாரும் காத்திருக்க வேண்டியதுதான்.

எனவே முன்பணம் கொடுப்பதற்கு முன், சாலாக் திங்கியில் உள்ள சிப்பாங் மாவட்ட நில அலுவலகத்தில் 'சாரியான் ரஸ்மி' எடுத்துவிடுவது நல்லது. அதில் நிலத்தின் வகை, 'ஷாரத் ஞாத்தா' என்ற நிபந்தனை, 'செகாத்தான் கெப்பெந்திங்ஙான்' என்ற தடை, கடன், கேவியட் ஆகியவை இருக்கும். மலாய் ரிசர்வ் என்று இருந்தால் நம்மவர்களுக்கு அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

அடுத்து சைபர்ஜெயாவில் உள்ள சிப்பாங் நகராண்மைக் கழகம். விற்பவரிடம் 'கெபெனாரான் மெராஞ்சாங்' கடிதத்தின் எண்ணையும் தேதியையும் கேட்டு வாங்கி, அங்கே அந்த லோட் எண்ணோடு ஒப்பிட வேண்டும். தேதி ஏன் முக்கியம்? 12 மாதத்துக்குள் வேலை தொடங்காவிட்டால், நீட்டிப்பு வாங்காத அனுமதி காலாவதியாகிவிடும். பழைய கடிதத்தின் நகலைக் காட்டி விற்பதும் நடக்கக்கூடியதே.

இந்த அனுமதி இருந்தாலும் வீடு கட்டிவிட முடியாது. கட்டட வரைபடத்துக்கு ஒப்புதல் தனி. விவசாய நிலத்தில் உரிமையாளர் குடியிருக்க வீடு கட்டச் சட்டத்தில் இடமுண்டு என்பார்கள். அது உண்மைதான், ஆனால் அதற்கும் வரைபடம் கொடுத்து ஒப்புதல் வாங்கவேண்டும். திட்ட அனுமதியின்றி மேம்பாட்டு வேலை செய்தால் 5 லட்சம் வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும் உண்டு. கட்டி முடித்தபின் கிடைக்க வேண்டிய சிசிசி சான்றிதழும் வராது.